அந்தப் பக்கத்தைத் தள்ளு

மர்ம நாவல் பிடிக்கும், ரத்தம் மட்டும் பிடிக்காது என்று ஒரு பெண் சொன்னால், அதை மென்மையான மனசு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். கொலைக் கதை என்றால் கொலை இருக்கத்தானே செய்யும் என்று சிரிப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த சாத்தூரில் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ரத்தத்தை ஒதுக்கிய பெண்கள் மென்மையானவர்கள் இல்லை. எரிந்த உடல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைக் காசு கொடுத்து மறுபடி படிக்க அவர்களுக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்டது புதிர். இந்த வேறுபாட்டைத் தமிழ்த் துப்பறியும் நாவலின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழில் துப்பறியும் கதை 130 வருடப் பழசு. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894இல் வந்தது. அடுத்த தலைமுறையில் ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இந்த வகையைப் பரவலாக்கினார்கள். இப்படி ஆண்களின் பெயராகவே நீளும் பட்டியலில், 1920களின் நடுவில் ஒரு பெண் நுழைகிறார். வை.மு. கோதைநாயகி அம்மாள். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

கோதைநாயகி 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியில் ஒரு குடும்பத்தில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கதை சொல்வார். கதை வாயில் இருந்தது, கையில் எழுத்து வரவில்லை. அதனால் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு தானே எழுதப் பழகி ‘வைதேகி’ நாவலைத் தொடங்கினார். 1925இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்தார். சுமார் 115 நாவல்கள் எழுதினார். கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு பெண் சொல்ல இன்னொரு பெண் எழுதியதுதான். தமிழில் பெண்கள் கதைக்குள் வந்த வழி பெரும்பாலும் வாயும் காதும். ஒருத்தி படிப்பாள், நாலு பேர் கேட்பார்கள். தனியாகப் படிக்கும்போது ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் கண்ணை ஓட்டிவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. சத்தமாகப் படிக்கும்போது, கேட்கிறவர்கள் “அதத் தள்ளு” என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வது ஒரு தீர்ப்பு. அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டாத வீடு குறைவு. தீப்பெட்டி ஆபீசிலிருந்து சாமான் வரும். அடிப்பெட்டி ஒரு கூலி, மேல்பெட்டி ஒரு கூலி, கணக்கு குரோசில். கை ஓயாது, வாயும் காதும் சும்மா இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாத நாவலை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டு மதினி எல்லாரும் கேட்பார்கள். அட்டையில் அநேகமாக ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் கத்தியோ துப்பாக்கியோ இருக்கும். பிணம் கிடக்கும் இடம் வந்து, அது எப்படிக் கிடக்கிறது என்று எழுத்தாளர் வர்ணிக்க ஆரம்பித்ததும் பெரியம்மா சொல்வார்: “ஏ பிள்ள, அந்தப் பக்கத்தத் தள்ளு. யாரு செஞ்சான்னு சொல்லு.”

நான் தள்ளினேன். நூற்றுக்கணக்கான முறை தள்ளினேன். அப்படித் தள்ளியதில் ஒன்று தெரிந்தது. பெரும்பாலான நாவல்களில் அந்தப் பக்கம் போனதால் கதைக்கு ஒன்றுமே ஆகவில்லை. செத்தது யார், எந்த நேரம், கதவு பூட்டியிருந்ததா என்ற மூன்றும் இருந்தால் போதும், மிச்சக் கதை ஓடியது. விலகிய சேலையும் சிதறிய ரத்தமும் துப்பறிகிறவருக்கு எந்தத் தகவலும் தரவில்லை. ஒரு பெண்ணின் உடலை வேடிக்கை பார்க்கத்தான் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தது. எப்போதாவது ஒரு கதையில் மட்டும் மாட்டிக்கொள்வோம். கடைசியில் துப்பறிகிறவர், செத்தவரின் இடதுகையில் மை இருந்ததே என்பார். “எப்ப சொன்னான்?” என்று எல்லாரும் கேட்க, தள்ளிய பக்கத்துக்கு நான் திரும்பிப் போவேன். அந்தக் கதைகளை அவர்கள் மதித்தார்கள். அவற்றில் உடல் காட்சிப்பொருளாக இல்லை, சாட்சியாக இருந்தது.

ரத்தம் இல்லாவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ விகடனில் வந்து புகழ்பெற்றது. ரத்தம் கிடையாது, சிரிப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் சாம்பு உளறுவான், தடுமாறுவான், அதிர்ஷ்டம் அவனைக் குற்றவாளியின் மேல் கொண்டுபோய்த் தள்ளும். நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. புதிர் விரும்புகிறவருக்கு அங்கே வேலை இல்லை. துப்பறிகிறவருக்கு முன்பாக நான் யோசித்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அதற்கு, துப்பறிகிறவருக்குத் தெரிந்த எல்லாம் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நேர்மைக்கு ஒரு நல்ல உதாரணம் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’. முதல் உலகப் போரின்போது அவர் இங்கிலாந்தில் டார்க்கீ ஊர் மருத்துவமனையில் முதலில் செவிலிப் பணியும் பிறகு மருந்து கலக்கும் வேலையும் செய்தார். அந்த மருந்து அறையில்தான் இந்தக் கதையை யோசித்தார். நூல் 1920இல் வெளிவந்தது. இன்னும் படிக்காதவர்களுக்காகக் கொலையாளி யார் என்பதை விட்டுவிட்டு, கொலை நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

வசதியான ஒரு வயதான பெண்மணி விடியற்காலையில் வலிப்பு வந்து சாகிறார். விஷம் ஸ்ட்ரிக்னின். நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே சரக்கு. இரவு அவர் குடித்த காபியில் விஷம் கலந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் எட்டி விஷம் இவ்வளவு நேரம் காத்திருக்காது, சீக்கிரமே வேலையைக் காட்டிவிடும். இந்த நேர இடைவெளிதான் புதிர். அந்த அம்மாள் தினமும் ஒரு டானிக் குடித்துவந்தார், அன்றைக்கு அது தீர்ந்துபோனது என்று ஓரிடத்தில் வருகிறது. தூக்கத்துக்கான புரோமைடு பொடி இருந்த காலிப் பெட்டி அவர் அறையில் கிடைத்தது என்று இன்னோரிடத்தில் வருகிறது. அந்தக் காலத்து டானிக்குகளில் ஸ்ட்ரிக்னின் மிகச் சிறிய அளவில் சேர்ப்பதுண்டு. அதில் புரோமைடைப் போட்டால், கரைந்திருந்த ஸ்ட்ரிக்னின் பொடிமணியாகப் பிரிந்து பாட்டிலின் அடியில் தங்கிவிடும். முதல் வேளைகளில் ஒன்றும் ஆகாது. கடைசி வேளையில் மொத்த விஷமும் உள்ளே போகும். அந்த நேரத்தில் கொலையாளி அந்த ஊரில்கூட இருக்க வேண்டியதில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு இதை நான் எங்கள் திண்ணையில் வாய்வழியாகச் சொன்னேன். பாட்டிலையும் பொடியையும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அத்தை தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கும் இடத்துப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவர். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “அடியில தங்கிருக்கும். கலக்காம விட்டா கடைசித் தண்ணிதான கெட்டியா வரும்.” குச்சி முனைக்கான மருந்தைக் கிளறிக்கொண்டே இருக்காவிட்டால் கனமான சரக்கு அடியில் படிந்துவிடும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கிறிஸ்டி மருந்து அறையில் கற்றதை அத்தை தீப்பெட்டி ஆபீசில் கற்றிருந்தார். எழுத்தாளர் எதையும் மறைக்கவில்லை என்பதால்தான் அத்தையால் அந்த முடிச்சை அவிழ்க்க முடிந்தது.

இந்த நாவலிலும் சாவு வலியில்லாததல்ல. வலிப்பில் உடல் வில்லாக வளைவதை கிறிஸ்டி சொல்கிறார். ஆனால் சுருக்கமாக, விஷம் எதுவென்று அடையாளம் காட்டும் அளவுக்கு மட்டும் சொல்கிறார். பெரியம்மா அந்த இடத்தைத் தள்ளச் சொல்லவில்லை.

சாவே இல்லாமலும் புதிர் நிற்கும். டோரதி சேயர்ஸின் ‘காடி நைட்’ (1935) ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் நடக்கிறது. கொலை இல்லை. யாரோ அருவருப்பான மொட்டைக் கடிதங்கள் எழுதுகிறார்கள், பொருட்களைச் சேதப்படுத்துகிறார்கள். யார், ஏன் என்பதே கதை. படித்த பெண்கள்மேல் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அந்தப் புதிரின் பகுதி. ஜோசஃபின் டேயின் ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ (1951) நாவலில் கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் காவல் அதிகாரி, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அரசன்மேல் சொல்லப்பட்ட கொலைப்பழியை ஆவணங்களை மட்டும் வைத்து விசாரிக்கிறார். விசாரணையைக் கட்டிலில் இருந்தபடியே நடத்துகிறார்.

ஆகவே, நூலகத்தில் ஒரு மர்ம நாவலைக் கையில் எடுக்கும் பெண்ணுக்கு எங்கள் திண்ணையின் முறையைச் சொல்வேன். பிணம் முதலில் வரும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கடிகாரம், கதவு, கோப்பை, கடிதம் என்று பொருட்கள் இருக்கின்றனவா, இல்லை உடல் மட்டும் இருக்கிறதா? செத்தவருக்கு ஒரு பெயர், ஒரு பழக்கம், ஒரு வேலை இருக்கிறதா? அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நாலு பக்கம் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால், அது வேறு யாருடைய கண்ணுக்காகவோ எழுதப்பட்டது. புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 20 பேர் போல இறந்தார்கள். எங்கள் பகுதியில் அது முதல் விபத்தும் இல்லை, கடைசியும் இல்லை. இப்படி ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் உடல்களின் படம் வருகிறது. எந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, யார் அனுமதித்தது என்ற கேள்விகள் உள்பக்கத்தில் சுருங்குகின்றன. “யாரு செஞ்சான்னு சொல்லு” என்று பெரியம்மா கதையிடம் கேட்டது, எங்கள் ஊரில் இன்னும் சரியாகப் பதில் வராத அந்தக் கேள்வியைத்தான்.