டிரெயினிங் பாண்டு: பாதியில் வேலையை விட்டால் கோர்ஸ் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமா? ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வரிகள் என்ன?

'கம்பெனி செலவில் கோர்ஸ் படிக்கலாம், ஆனால் 2 வருஷம் வேலையை விடக் கூடாது. விட்டால் பணத்தைக் கட்டணும்.' ஐ.டி., வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று பல இடங்களிலும் ஊழியர்களிடம் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. இதைத்தான் டிரெயினிங் பாண்டு என்கிறார்கள்.

வேலையை விடும் நேரத்தில்தான் சிக்கல் தொடங்கும். "கையெழுத்து போட்டாச்சு, முழுத் தொகையையும் கட்டித்தான் ஆகணும்" என்கிறது நிறுவனம். "பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்கிறார் நண்பர். இந்தியச் சட்டப்படி பார்த்தால் இரண்டுமே முழு உண்மை இல்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் உள்ள சில வரிகளையும், நிறுவனம் உண்மையில் செய்த செலவையும் பொறுத்தது.

பாண்டு சட்டப்படி செல்லுமா?

செல்லும். ஆனால் வரம்பு உண்டு.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 'பாண்டு செல்லாது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான் காட்டுவார்கள். ஆனால், குறிப்பிட்ட காலம் வரை வேலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்ற நிபந்தனை, வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. வெளியேறிய பிறகு எங்கே வேலை பார்ப்பது என்பதை அது தடுப்பதில்லை.

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 3 ஆண்டுகள் முடியும் முன் வேலையை விட்டால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்பது அந்த வங்கியின் பணி நியமன நிபந்தனை. அதிகாரி ஒருவர் முன்கூட்டியே ராஜினாமா செய்து, எதிர்ப்பு தெரிவித்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, நிபந்தனை செல்லும் என்றது.

இந்தத் தீர்ப்பை வைத்து 'எல்லா பாண்டும் செல்லும்' என்று முடிவு செய்துவிட முடியாது. அது கோர்ஸ் கட்டணம் பற்றிய வழக்கு அல்ல. பொதுத்துறை வங்கி ஆளெடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவு மிகுந்த நடைமுறையைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது என்பதையும், அதிகாரியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொகை மிகையானதல்ல என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

எழுதிய தொகை முழுவதையும் கேட்க முடியுமா?

இதற்குப் பதில் சொல்வது ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் 'நியாயமான இழப்பீடு' எவ்வளவோ அதுதான் கிடைக்கும். இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடிகிற இடத்தில், நிறுவனம் அதை நிரூபிக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம், 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த சிக்பா இந்தியா வழக்கு. 3 ஆண்டு பாண்டு, மீறினால் ரூ.2 லட்சம். ஊழியர் 2 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியேறினார். அவருடைய பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்ததாக நிரூபிக்க முடிந்த தொகை ரூ.67,596 மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு காலத்தை அவர் முடித்துவிட்டதால், மீதி ஒரு பங்குக்கு ரூ.22,532 தந்தால் போதும் என்றார் நடுவர். உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. பத்திரத்தில் இருந்தது 2 லட்சம், கைக்கு வந்தது 22 ஆயிரத்துச் சொச்சம்!

அதற்காக ஊழியர் ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்றும் ஆகாது. 1996-ல் டோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் செலவில் சிறப்புப் பயிற்சி பெற்றவர் வாக்கை மீறி வெளியேறினால், நியாயமான தொகையைப் பெற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றது.

ஆக, வெளியாள் நடத்தும் கோர்ஸுக்குக் கட்டணம் கட்டி, ரசீது வைத்திருக்கும் நிறுவனத்தின் கை ஓங்கும். வேலையில் சேர்ந்ததும் எல்லோருக்கும் நடத்தும் அறிமுக வகுப்பை 'பயிற்சி' என்று சொல்லி லட்சங்களைக் கேட்டால், அதை நிரூபிப்பது கடினம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் பொருள் கீழே உள்ளதுபோல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*கட்டணம் பற்றிய வரி:* 'இந்தப் பயிற்சிக்காக நிறுவனம் பயிற்சி நிலையத்துக்குச் செலுத்தும் கட்டணம் ரூ.1,20,000. ரசீதின் நகல் ஊழியரிடம் தரப்படும். திரும்பப் பெறும் தொகை எந்த நிலையிலும் இதைத் தாண்டாது.'

இதற்குப் பதிலாக 'பயிற்சி, நிர்வாகச் செலவு, வாய்ப்பு இழப்பு உள்பட ரூ.3 லட்சம்' என்று மொத்தமாக எழுதியிருந்தால், அதில் கோர்ஸ் கட்டணம் எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே கேட்பது நல்லது. கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. தொகையும் சேருமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த வரியை நிறுவனம் ஏற்கெனவே உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டிருந்தால், அது நிறுவனத்துக்கு இழப்பு அல்ல.

*குறைந்துகொண்டே வரும் தொகை:* 'பயிற்சி முடிந்த மறுநாள் முதல் 24 மாதங்கள் பணிபுரிய வேண்டும். முடிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தொகையில் 24-ல் ஒரு பங்கு குறையும். கடைசி வேலை நாள் வரை கணக்கிடப்படும்.'

இதுதான் ஒப்பந்தத்தின் மிக முக்கியமான வரி. இது இல்லாவிட்டால் 23-வது மாதத்தில் வெளியேறுபவரிடமும் முழுத் தொகையைக் கேட்பார்கள்.

*விலக்கு:* 'ஊழியர் தானாக ராஜினாமா செய்தாலோ, ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டு நீக்கப்பட்டாலோ மட்டுமே இது பொருந்தும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், வேலை செய்ய முடியாத உடல்நிலை ஆகியவற்றுக்குப் பொருந்தாது.'

'எக்காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலும்' என்று இருந்தால் உஷாராக வேண்டும். நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினாலும் பணம் கேட்க அந்த ஒரு சொற்றொடர் வழி வைத்துவிடும்.

*வசூலிக்கும் முறை:* 'இறுதிக் கணக்கிலிருந்து ஊழியரின் எழுத்துப்பூர்வ சம்மதத்துடன் கழிக்கப்படும். மீதியை 6 மாதத் தவணையில் செலுத்தலாம்.'

ஒரு கணக்கு பார்ப்போம்

ஓர் ஊழியருக்காக நிறுவனம் ரூ.1,20,000 கட்டணம் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கோர்ஸ் 2024 மார்ச் 31-ம் தேதி முடிகிறது. பாண்டு காலம் 24 மாதம். அப்படியானால் மாதத்துக்கு ரூ.5,000 குறையும்.

அவர் 2025 ஏப்ரல் 30-ம் தேதி ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். 2 மாத நோட்டீஸ் முடிந்து ஜூன் 30-ம் தேதி வெளியேறுகிறார். கடைசி வேலை நாள் வரை கணக்கிட்டால் 15 மாதம் முடிந்திருக்கிறது. மீதி 9 மாதம். கட்ட வேண்டியது ரூ.45,000.

கடிதம் கொடுத்த நாளோடு கணக்கை நிறுத்தினால்? முடிந்தது 13 மாதம், மீதி 11 மாதம். தொகை ரூ.55,000. 'கடைசி வேலை நாள்' என்ற மூன்று வார்த்தை இல்லாததால் ரூ.10,000 வித்தியாசம்.

இன்னொரு பொறியும் உண்டு. 2025 ஜனவரியில் ரூ.20,000 கட்டணத்தில் இன்னொரு சின்ன கோர்ஸுக்கு அதே ஊழியரை அனுப்பி, 'புதிய பயிற்சி முடிந்த நாளிலிருந்து பாண்டு காலம் மீண்டும் தொடங்கும்' என்று எழுதியிருந்தால், பழைய ரூ.1,20,000-க்கும் மீட்டர் முதலிலிருந்து ஓடும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித் தொகை, தனிக் காலம் என்று பிரித்து எழுதச் சொல்வதே இதற்கு வழி.

கட்டாத ஊழியரை வேலையில் பிடித்து வைக்க முடியுமா?

முடியாது. ஒருவரைத் தொடர்ந்து வேலை பார்க்கச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. நிறுவனத்துக்கு உள்ள வழி, பணத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும், சிவில் வழக்கு அல்லது ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவர் மன்றம் போவதும்தான்.

நடைமுறையில் அழுத்தம் வேறு வழியில் வரும். "பணம் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர்" என்பார்கள். சிலர் சேரும்போதே அசல் சான்றிதழையும், தொகை நிரப்பாத காசோலையையும் வாங்கி வைத்திருப்பார்கள். இதில் காசோலைதான் பெரிய ஆபத்து. அதில் முழுத் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால், சிவில் தகராறாக இருந்தது செக் மோசடி வழக்காக மாறிவிடும். சான்றிதழுக்கு நகல் தரலாம், வெற்றுக் காசோலை தரவே கூடாது.

வெளியேறும்போது ராஜினாமா கடிதத்தோடு, கோர்ஸ் கட்டண ரசீதையும் பாக்கித் தொகையின் கணக்கையும் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் கட்டிவிடலாம். மிகையாகத் தோன்றினால், தான் ஒப்புக்கொள்ளும் தொகை எவ்வளவு, எப்படி வந்தது என்று பதில் எழுதிவிட்டு அதைச் செலுத்தலாம். வேறு வழியின்றி முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால், 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிவைப்பது பின்னால் உதவும்.

பாண்டு தொகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா?

இல்லை. பாண்டை மீறியதற்காக ஊழியரிடம் வசூலிக்கும் தொகை எந்தச் சேவைக்கான கட்டணமும் அல்ல என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி சுற்றறிக்கையில் விளக்கிவிட்டது. இறுதிக் கணக்கில் பாண்டு தொகைக்கு மேல் 18 சதவீதம் சேர்த்திருந்தால், அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். மேலே சொன்ன கணக்கில் ரூ.45,000-க்கு அது ரூ.8,100.