‘அல்லன்’ என்று போற்றும் மரபு

ஆலயங்களில் அர்ச்சனையின்போது இறைவனுக்கு நூற்றெட்டு நாமங்களும் ஆயிரம் நாமங்களும் ஓதப்படுகின்றன. ‘அவன் இத்தகையவன்’ என்று நாமங்கள் போற்ற, ‘அவன் இத்தகையவன் அல்லன்’ என்று மறுத்துரைத்தே போற்றும் மரபு ஒன்றும் பண்டுதொட்டு வழங்கி வருகிறது. இவ்விரண்டும் தம்முள் முரண்பட்டவையா? இவ்வினாவுக்குப் பல சமயத்துச் சான்றோரும் விடை கண்டுள்ளனர்.

பிருகதாரண்யக உபநிடதத்தின் இரண்டாம் அத்தியாயம், பிரம்மத்துக்கு உருவம், அருவம் என இரு நிலைகளைக் கூறுகிறது. அவற்றை விளக்கியபின், ‘நேதி நேதி’, அதாவது ‘இதுவன்று, இதுவன்று’ என உபதேசிக்கிறது. இங்கு மறுக்கப்படுவன பிரம்மத்தின் மேல் ஏற்றப்பட்ட நிலைகளே. பிரம்மமன்று என்பது ஆதிசங்கரரின் விளக்கம். பிரம்மத்தையே மறுத்தால் சூனியமே எஞ்சும். அம்மறுப்பையடுத்து உபநிடதம், ‘சத்தியத்தின் சத்தியம்’ என்றொரு நாமத்தையும் சூட்டுகிறது.

யூதர்களின் தால்மூத் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரபி ஹனீனாவின் முன்னிலையில் தொழுகை நடத்திய ஒருவர், வழக்கமான மூன்று அடைமொழிகளோடு நில்லாது மேலும் பலவற்றை அடுக்கினார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்த ஹனீனா, இறைவனின் புகழ் முழுவதையும் சொல்லித் தீர்த்துவிட்டீரோ என வினவினார். பல இலட்சம் பொற்காசுகளை உடைய மன்னனை வெள்ளிக்காசு உடையவன் எனப் புகழ்வது இழிவன்றோ என்றும் கேட்டார். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ் இவ்வுவமையின் நுட்பத்தை எடுத்துக்காட்டினார். ஹனீனா ‘குறைந்த பொன்’ என்னாது ‘வெள்ளி’ என்றார். எனவே மனிதச் சொல்லுக்கும் இறைத்தன்மைக்கும் உள்ள வேறுபாடு அளவில் அன்று, இனத்திலேயே உள்ளது. ஆயினும் மறைநூலில் மோசே மொழிந்து, முன்னோர் தொழுகையில் வகுத்த மூன்று அடைமொழிகளை ஹனீனா விலக்கவில்லை.

ஏறத்தாழ 500ஆம் ஆண்டில், தியொனீசியுஸ் என்னும் பெயரில் எழுதிய கிறித்தவர் ஒருவர், இறைநாமங்களை விளக்கி ஒரு நூலும், அவற்றைக் கடந்து செல்லும் சிறுநூல் ஒன்றும் இயற்றினார். உடல், வடிவு, உயிர், அறிவு என ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்லும் அச்சிறுநூல், மறுப்பும் இறைவனை எட்டாது என்று முடிகிறது. ‘இல்லை’ என்னும் சொல்லும் ஒரு சொல்லே என்பது அதன் கருத்து.

நம்மாழ்வாரின் திருவாய்மொழி (2-5-10) இவ்விரு வழிகளையும் ஒரே பாசுரத்தில் இணைக்கிறது. ஆண், பெண், இரண்டுமல்லாதவர் என எப்பாலும் அல்லன், காணவும் ஆகான், உளனும் அல்லன், இல்லானும் அல்லன் என்று மறுத்துரைத்த ஆழ்வார், அடியார் விரும்பும்போது அவர் விரும்பிய உருவை அவன் ஏற்பான் என்கிறார். இறுதியில், அவனைக் கூறுவதே பெரிதும் அரிது என ஒப்புகிறார்.

ஆதலின், மறுத்துரைப்பது நாமத்தைப் பொய்யாக்குவதன்று. எந்த நாமத்தையும் முடிந்த முடிவெனக் கொள்ளாதவாறு காப்பது. ஆயிரம் நாமங்களை ஓதிய பின்னும் ஓதப்படாதது எஞ்சுகிறது என்பதை உணர்ந்தே அடியார்கள் ஓதுகின்றனர்.