எண்ணெய் முழுக்கு: பயனும் நம்பிக்கையும்



'எண்ணெய்' என்னும் சொல்லே ஒரு சிறு வரலாற்றைக் கூறுகின்றது. எள்ளின் நெய் என்பதே அதன் பொருள். எள்ளுக்கு உரிய அப்பெயர் பின்னர் தேங்காய், இலுப்பை, ஆமணக்கு ஆகியவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று.

எண்ணெயைத் தலையில் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, சீயக்காயும் வெந்தயமும் அவித்தரைத்த அரப்பினால் கழுவும் முழுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே வந்தது. அதனுடன், எண்ணெய் தேய்த்தால் கூந்தல் வளரும் என்ற நம்பிக்கையும் வந்தது. இது உண்மைதானா?

மயிர் வளர்வது தோலின் கீழுள்ள வேரிலேயாகும். வெளியே தெரியும் இழை உயிரற்றது. அதில் தடவும் எண்ணெய் அதனை வளர்க்கமாட்டாது. ஆயினும் நம் பாட்டிமார் கண்டது பொய்யன்று. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்கின்றது. எனவே 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது 5 ஆண்டு. வாரம் ஒருமுறை முழுகினாலும் அந்நுனி 260 முழுக்குகளைக் கண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் இழை நீரை உறிஞ்சிப் பருத்து, உலர்ந்து சுருங்குகின்றது. அதனால் அதன் புரதம் சிறிது சிறிதாகக் கழிந்து, நுனி பிளந்து முறிகின்றது. முறிவு குறைந்தால் கூந்தல் நீண்டு தோன்றும். அதனையே வளர்ச்சி என்று கருதினர்.

2003ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர் ரேலே, மொகிலே ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கின்றது. தேங்காயெண்ணெய் இழையினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை. கழுவுவதற்கு முன் தேய்த்தபோதும் இப்பயன் காணப்பட்டது. ஆகவே, முதலில் எண்ணெய், பின்னர் அரப்பு என்ற பழைய ஒழுங்கு பொருளுடையதே. நுனிவரை தடவுவதும் அவசியம்.

பொடுகுக்கு எண்ணெயே மருந்து என்பது வேறு கதை. பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் தலைத்தோலின் கொழுப்பை உண்டு பெருகுவது. தோல் பிசுபிசுத்துச் செதில் உதிருமாயின், எண்ணெய் அதனை மிகுவிக்கக்கூடும். அப்பொழுது தலைத்தோலை விட்டு இழைக்கு மட்டும் தடவுதல் நன்று.

யாவற்றிலும் கவனிக்கவேண்டியது குழந்தைகளின் முழுக்கு. மூக்கு அடைப்பு நீங்கும் என்று சொல்லி, சிசுவின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இருந்துவந்தது. அவ்வெண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழல் வழியாக நுரையீரலை அடைந்து, அங்கே அழற்சியை உண்டாக்கக்கூடும். நாள்கள் பல கழிந்து தோன்றும் மூச்சுத்திணறலுக்கு இதுவே காரணமென்று வீட்டார் அறியாது போகலாம்.

பாட்டியின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. அது கூந்தலுக்கு உரியது, மூக்குக்கு உரியதன்று.