தைராய்டு மாத்திரைக்கும் தொண்டை வலிக்கும் என்ன சம்பந்தம்? 1943ல் ஆரம்பிச்ச கதை

தைராய்டு அதிகமா சுரக்கிறவங்களுக்கு கார்பிமசோல் மாதிரி மாத்திரை எழுதும்போது ரெண்டு விஷயம் சொல்வோம். ஆரம்பத்துல வேளைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் போடணும். தொண்டை வலி, காய்ச்சல் வந்தா அன்னைக்கே சொல்லணும். (தைராய்டு குறைவா இருக்கிறவங்க போடற தைராக்ஸின் வேற மருந்து. இந்த இழை அவங்களுக்கு இல்ல.)

இந்த ரெண்டு பேச்சும் எங்கிருந்து வந்தது?

1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேறு ஆராய்ச்சிக்காக எலிகளுக்குச் சில ரசாயனங்களைக் கொடுத்தார்கள். எலிகளின் தைராய்டு வீங்கியது. ஆனா உள்ளே ஹார்மோன் உற்பத்தி நின்னு போயிருந்தது. இதைப் பிடிச்சுக்கிட்டவர் பாஸ்டன் மருத்துவர் எட்வின் ஆஸ்ட்வுட். 1943ல் தயோயூரியா, தயோயூராசில் என்ற மருந்துகளால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் கத்திதான் வழி.

மருந்து புதுசா ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேமிப்பு இருக்கும். அது தீர சில வாரம் ஆகும், அதனால்தான் முதல் வாரத்திலேயே படபடப்பு அடங்காது. அதுக்குள்ள தடை விட்டுப்போகக் கூடாது. பின்னால் வந்த புரோபைல்தயோயூராசில் ரத்தத்தில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதியாகிடும், எனவே எட்டு மணிக்கொரு தடவை. கார்பிமசோல் உடம்பில் மெதிமசோலாக மாறுது, சுரப்பிக்குள்ள அதிக நேரம் தங்குது. ஆகவே நோய் அடங்கி அளவு குறைஞ்சதும் ஒரே வேளையாக்கலாம். எப்போன்னு உங்க டாக்டர் சொல்வார்.

இப்போ தொண்டை வலிக்கு வருவோம். ஆஸ்ட்வுட்டின் ஆரம்ப நோயாளிகளிலேயே ஒருவருக்கு வெள்ளணுக்கள் சரிந்தன. கிருமியை முதலில் எதிர்க்கிற நியூட்ரோபில் அணுக்கள் கிட்டத்தட்ட காணாமலே போகும் நிலை இது. அபூர்வம்தான், ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள. ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து.

ஒரு உதாரணம். தினம் மூணு வேளை 10 மி.கி. போடற ஒருத்தருக்கு ஐந்தாவது வாரம் தொண்டை வலி, 102 டிகிரி காய்ச்சல். மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு ரெண்டு நாள் பார்த்தார். மாத்திரையும் தொடர்ந்தார். அப்புறம் எடுத்த டெஸ்ட்ல மொத்த வெள்ளணு 1,800, அதில் நியூட்ரோபில் 10 சதவீதம். அதாவது 180. ஐந்நூறுக்குக் கீழே போனாலே அவசரம், ஆஸ்பத்திரியில் சேர்த்தாகணும்.

"போன வாரம்தான் ரத்தம் பார்த்தேன், நார்மல்"னு சொல்வாங்க. இது சில நாளிலேயே சரியக்கூடியது, போன வார ரிப்போர்ட் இன்னைக்கு உதவாது.

அதனால காய்ச்சல் வந்தா அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திட்டு, அன்னைக்கே சி.பி.சி. எடுத்து, டாக்டரைப் பாருங்க. நியூட்ரோபில் சரியா இருந்தா, மாத்திரையை எப்போ திரும்பத் தொடங்கணும்னு அவரே சொல்வார். குறைஞ்சிருந்தா இந்த வகை மாத்திரை எதுவும் இனி கிடையாது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றும் கூடாது.