மண்வாசனை

மண்வாசனை என்பது பல நாள் வெயிலில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மணம். இதில் இரண்டு பொருட்கள் முக்கியமானவை. ஒன்று, கல்லும் களிமண்ணும் வறண்ட நாட்களில் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். மற்றொன்று, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். இடி மின்னலோடு வரும் மழையானால் ஓசோனின் நெடியும் கூடச் சேரும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் சிங்கப்பெருமாள் கோவிலில் எண்ணெய், ஜியோஸ்மின் இரண்டின் மணத்தையும் பக்கத்தில் பக்கத்திலேயே முகர்ந்து பார்க்கலாம். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலில் மூலவரை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றிவர வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடைமழையில் அந்தச் சூடேறிய பாறை நனையும்போது வரும் மணம் வேறு. ஒரகடம் சாலைப் பக்கம் வெடித்துக் கிடக்கும் ஏரி மண் நனையும்போது வருவது வேறு. முன்னதில் கல்லின் வறட்டு மணம் தூக்கலாக இருக்கும். பின்னதில்தான் தோண்டிய குழியின் ஈர வாடை. விஞ்ஞானிகளும் இந்த இரண்டையும் தனித்தனியாக, வெவ்வேறு வழியில்தான் கண்டுபிடித்தார்கள்.

தொடக்கம் 1891. அந்த ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் மார்சலின் பெர்தலோவும் அவருடன் பணியாற்றிய ஆந்த்ரேயும் மண்ணுக்கென்று உள்ள மணத்தைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். கற்பூரத்தை நினைவூட்டும் ஏதோ ஒரு கரிமப் பொருள் மண்ணில் இருக்கிறது என்பதுவரை போனார்கள். அதைத் தனியாகப் பிடிக்கும் கருவி அன்று இல்லை. அதே ஆண்டில் தாமஸ் பிப்சன் என்ற ஆங்கிலேயர், பூக்களின் வாசனை எண்ணெய்க்கு உறவான பொருட்களைக் களிமண்ணும் நுண்துளையுள்ள கல்லும் உறிஞ்சிவைத்து மழையில் வெளிவிடுகின்றன என்று எழுதினார். இது பெரும்பாலும் சரியான ஊகம். ஆனாலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1964இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெயிலில் காய்ந்த கற்களை நீராவியில் வாலைவடித்தபோது அவர்களுக்கு மஞ்சள் நிற எண்ணெய் கிடைத்தது. மணம் அதில் இருந்தது. அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, அந்த எண்ணெய் விதை முளைப்பதை மட்டுப்படுத்துகிறது என்றும் காட்டினார்கள். ஆக, மழை மணத்தை எழுப்புவதோடு, முளைப்புக்குத் தடையாக இருந்த பொருளையும் கழுவிவிடுகிறது.

மண்ணின் மணத்தை வடித்தெடுக்கும் இதே வேலையை வட இந்தியக் கைவினைஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செய்துவந்தார்கள் என்பதை அந்த 1964 கட்டுரையே குறிப்பிடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் ‘மிட்டி அத்தர்’ என்ற மண் அத்தர் இன்றும் வடிக்கப்படுகிறது. வற்றிய குளத்துக் களிமண்ணை எடுத்து, வில்லைகளாகவோ சிறு கிண்ணங்களாகவோ தட்டிக் காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். சுட்ட ஓடுகளைச் செப்பு அண்டாவில் நிரப்பித் தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் விறகோ வறட்டியோ எரிக்கிறார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போகிறது. அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். மணம் அதில் இறங்கிவிடும். அடியில் சேரும் தண்ணீரைப் பிரித்துவிட்டு, அதே எண்ணெயில் மறுபடி மறுபடி வடிப்பார்கள். இது நாள்கணக்கில் நடக்கும் வேலை. தீ அதிகமானால் பூச்சு வெடித்து ஆவி வெளியேறிவிடும். அதனால் வடிப்பவர் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தே தீயைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூளையில் வெந்த ஓட்டில் எந்த நுண்ணுயிரும் பிழைத்திருக்காது. அப்படியும் அதிலிருந்து மணம் வருகிறது என்றால், மண்வாசனை முழுவதையும் நுண்ணுயிர் கணக்கில் எழுதிவிட முடியாது. ‘பாக்டீரியாதான் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் செய்திகள் இந்த இடத்தில் வழுக்குகின்றன.

ஆனாலும் நுண்ணுயிரின் பங்கு பெரியது. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர், யூபர் லெஷவலியே இருவரும் ஆக்டினோமைசீட் வகை நுண்ணுயிர்களிலிருந்து ஜியோஸ்மினைப் பிரித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மனித மூக்கு இந்தப் பொருளை வியக்கத்தக்க நுட்பத்தோடு பிடிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 5 நானோகிராம் இருந்தாலே பலருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம் ஜியோஸ்மின், 20 கோடி லிட்டர் தண்ணீரில் மண்வாடை அடிக்கப் போதும்.

மழையில் விரும்பி முகரும் இந்தப் பொருளையே சாப்பாட்டில் நாம் ஒதுக்குகிறோம். ஏரி மீனின் சேற்று வாடைக்கும், பீட்ரூட்டின் மண்வாடைக்கும் காரணம் இதுதான். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறு பொருளாக மாறும். கெண்டையையும் விராலையும் புளியோ எலுமிச்சையோ போட்டு அலசுவதற்கு இது பொருந்தும் விளக்கம். வாடை முழுக்கப் போகாது, குறையும்.

தரையில் இருக்கும் மணம் மூக்கின் உயரத்துக்கு எப்படி எழுகிறது என்பதற்கு 2015இல்தான் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் யங்சூ ஜோங், கல்லன் புயி இருவரும் மழைத்துளி மண்ணில் விழுவதை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். துளி தட்டையாகப் படியும்போது மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று அதற்குள் சிறு குமிழிகளாகச் சிக்குகிறது. குமிழிகள் மேலேறி வெடிக்கும்போது, சோடாவைத் திறந்ததும் தெறிப்பதுபோல, நுண்திவலைகள் காற்றில் பாய்கின்றன. மணம் அவற்றில் ஏறிப் போகிறது. தூறலிலும் மிதமான மழையிலும் இது அதிகம் நடக்கிறது. கனமழையில் துளியின் வேகம் கூடிவிடுவதால் குமிழி உருவாவது குறைகிறது. துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் சிக்குவதற்குக் காற்றே இராது. மறுநாள் மழையில் அதே மணம் வராததற்கு இது ஒரு காரணம். கல்லின் எண்ணெய் முந்தைய நாளே கழுவப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. மழை நம் ஊருக்கு வருவதற்கு முன்பே மணம் வருவதும் இந்த நுண்திவலைகளால்தான். தொலைவில் பெய்யும் மழையின் திவலைகளைக் காற்று முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகளின் தகரக் கூரையும் தார்ச்சாலையும் பரவிய இடங்களில் மணம் மெலிந்திருக்க வேண்டும் என்று இந்தக் குமிழிக் கணக்கைக்கொண்டு எதிர்பார்க்கலாம். தகரத்தில் காற்றுக்கு ஒளிய நுண்துளை கிடையாது.

நுண்ணுயிருக்கு இந்த மணத்தால் என்ன லாபம் என்ற கேள்விக்கு 2020இல் ‘நேச்சர் மைக்ரோபயாலஜி’ இதழில் ஒரு பதில் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் தன் வித்துக்களை உண்டாக்கும் பருவத்தில் ஜியோஸ்மினையும் செய்கிறது. அந்த மணம் தேடி, மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற மில்லிமீட்டர் அளவுச் சிற்றுயிர் வருகிறது. நுண்ணுயிரைத் தின்னும்போது வித்துக்கள் அதன் உடம்பில் ஒட்டுகின்றன. வயிற்றுக்குள் போனவையும் உயிரோடு வெளியேறுகின்றன. அந்தச் சிற்றுயிர் நகர்ந்த இடமெல்லாம் நுண்ணுயிர் முளைக்கிறது.