தேறும் எடை

காய்கறியையோ மீனையோ ஆய்ந்து, தோல் சீவி, சுத்தம் செய்தபின் சமையலுக்கு மிஞ்சும் எடை. வாங்கிய எடையில் இது எத்தனை பங்கு என்பதை வைத்தே கொள்முதல் அளவு முடிவாகிறது.

சந்தையில் மீனை முழுசாக எடை போட்ட பிறகே வெட்டித் தருவார்கள். செதில், குடல், துடுப்புக்கும் சேர்த்தே காசு. சங்கரா மீனில் தலையையும் நீக்கிவிட்டால் கிலோவுக்கு 600 கிராம் தேறுவதாகக் கொள்வோம். விருந்துக்கு 6 கிலோ துண்டு வேண்டும். கழிவு 40 சதவீதம்தானே என்று 6 கிலோவோடு அதில் 40 சதவீதத்தைக் கூட்டி 8.4 கிலோ வாங்குவது வழக்கமான பிழை. சுத்தம் செய்தால் சுமார் 5 கிலோதான் இருக்கும். கழிவு, வாங்கும் எடையில் கணக்கிடப்படுவது. ஆகவே 6-ஐ 0.6-ஆல் வகுத்து 10 கிலோ வாங்க வேண்டும். தலை குழம்புக்குப் போகுமென்றால் இவ்வளவு வேண்டியதில்லை.

சின்ன வெங்காயத்தில் கழிவு குறைவு, வாழைப்பூவில் மிக அதிகம். இறாலில் தலையும் ஓடும் போக ஏறக்குறைய பாதிதான். அளவையும் புதுசா பழசா என்பதையும் பொறுத்துத் தேறும் எடை மாறுவதால், ஒரு கிலோவைச் சுத்தம் செய்து நிறுத்துப் பார்ப்பதே நம்பகமானது. தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு நிறுக்க வேண்டும்; ஈரம் எடையைக் கூட்டிக் காட்டும்.