தட்டுகிற சத்தமும் சத்தமில்லாத காந்தமும்

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வந்த ஆரிடமாவது "எப்பிடி இருந்தது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. முதலில் சத்தத்தைத்தான் சொல்லுவினம். தகரத்தில சுத்தியலால அடிக்கிற மாதிரி டக் டக் டக் எண்டு ஒரு சத்தம். திடீரெண்டு நிற்கும். பிறகு வேறொரு தாளத்தில தொடங்கும். மெசின் பழுதாகிவிட்டதோ எண்டு உள்ளே படுத்திருந்து பயந்தவர்களும் உண்டு.

ஆனால் அந்தச் சத்தம் யாரையும் கொன்றதில்லை. அந்த மெசினுக்குள் இரண்டு வகைக் காந்தங்கள் இருக்கின்றன. ஒண்டு சத்தம் போடும், மற்றது போடாது. பயப்பட வேண்டியது சத்தம் போடாத ஆளுக்குத்தான். ஏன் இப்படி இரண்டு காந்தம் தேவைப்பட்டது எண்டு விளங்க, 1971ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னரே, 1946இல், பெலிக்ஸ் புளொக், எட்வேர்ட் பேசெல் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் தனித்தனியாக ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்கள். ஐதரசன் அணுவின் கருவில் இருக்கும் புரோத்தன் ஒரு குட்டிக் காந்தம். அதைப் பெரிய காந்தப்புலம் ஒன்றுக்குள் வைத்தால், சுற்றிக்கொண்டே தலையாட்டுகிற பம்பரம் மாதிரி ஆடத் தொடங்கும். எவ்வளவு வேகமாக ஆடும் என்பதைப் புலத்தின் வலிமைதான் தீர்மானிக்கும். ஒரு டெஸ்லாவுக்குச் செக்கனுக்கு 4 கோடியே 26 இலட்சம் தடவை. இப்போது ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருப்பது 1.5 டெஸ்லா மெசின். அதற்குள் ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் தடவை, அதாவது 64 மெகாஹேர்ட்ஸ். எங்கட எஃப்.எம். வானொலி 88இல் தொடங்குகிறது, இது அதற்குக் கொஞ்சம் கீழே. அதே மீடிறனில் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பினால் புரோத்தன்கள் அந்தச் சக்தியை வாங்கிச் சாயும். துடிப்பை நிறுத்தியதும், தாங்களே மெல்லிய வானொலி அலையொன்றைத் திருப்பி அனுப்பியபடி பழைய நிலைக்கு வரும். அந்த அலையை ஒரு சுருளால் பிடிக்கலாம்.

மெல்லிய எண்டு சொன்னது சும்மா இல்லை. 1.5 டெஸ்லாவுக்குள்கூட, பத்து இலட்சம் புரோத்தன்களில் ஐந்து அளவுதான் ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்து நிற்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஐந்தின் குரலைக் கேட்பதற்குத்தான் இவ்வளவு பெரிய காந்தம். வெளி வானொலி உள்ளே வந்து குழப்பாமல் இருக்க அறையின் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் செப்புத் தகடு போர்த்திருப்பதும் இதற்காகத்தான்.

1971இல் அமெரிக்க டொக்டர் ரேமண்ட் டமேடியன், எலிகளில் இருந்து வெட்டி எடுத்த புற்றுநோய்க் கட்டிகளின் புரோத்தன்கள், நல்ல இழையத்தின் புரோத்தன்களைவிட ஆறுதலாகவே பழைய நிலைக்கு வருகின்றன எண்டு எழுதினார். அதே வருடம் பென்சில்வேனியாவில் இருந்த ஒரு சிறு கம்பனியில் இந்த மாதிரிப் பரிசோதனை ஒன்றை இரசாயனவியலாளர் போல் லோட்டர்பர் பார்த்தார். இழையத்தை வெட்டி எடுத்துப் பார்க்கிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டாமல், வெளியே இருந்தே பார்க்க ஏலாதா?

சிக்கல் என்னவெண்டால், முழு உடம்பையும் காந்தத்துக்குள் வைத்தால் முழு உடம்பும் ஒரே நேரத்தில் ஒரே மீடிறனில் பதில் சொல்லும். எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது எண்டு தெரியாது. அதுவரை இந்தத் துறையில் எல்லோரும் காந்தப்புலத்தை எவ்வளவு சீராக வைத்திருக்கலாம் என்பதற்காகவே பாடுபட்டவர்கள். லோட்டர்பர் தலைகீழாக யோசித்தார். புலத்தை வேணுமெண்டே சீரில்லாமல் ஆக்கினால் என்ன? 1971 செப்டெம்பரில் ஒரு நாள் இரவு ஹம்பேகர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த யோசனை வந்ததாம். போய் ஒரு கொப்பி வாங்கி எழுதி வைத்தார்.

ஒரு தலையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். தலையின் அகலம் 20 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 1.5 டெஸ்லா புலத்துக்கு மேலே, இடது காதிலிருந்து வலது காதுவரை சீராகக் கூடிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னப் புலத்தைச் சேர்க்கிறோம். நடு மூளையில் மாற்றமில்லை. வலது காதடியில் ஆயிரத்தில் ஒரு டெஸ்லா கூட, இடது காதடியில் அதே அளவு குறைவு. இப்போது நடுவில் உள்ள புரோத்தன்கள் 63.87 மெகாஹேர்ட்ஸில் ஆடினால், வலது காதில் 63.91, இடது காதில் 63.83. கலந்து வருகிற அலையை மீடிறன் மீடிறனாகப் பிரித்தால் எது எந்த இடம் எண்டு தெரிந்துவிடும். மீடிறன்தான் விலாசம். இதையே வேறு திசைகளிலும் செய்தால் படம் வரும்.

லோட்டர்பரின் முதல் படத்தில் இருந்தது தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், வேறொன்றுமில்லை. அந்தக் கட்டுரையை 'நேச்சர்' சஞ்சிகை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் எழுதிக் கேட்டபிறகு 1973இல் போட்டார்கள். அடுத்தடுத்த படங்களில் ஒன்று, அவருடைய மகள் கடற்கரையில் பொறுக்கிய ஒரு மட்டி. 1977இல் டமேடியனின் குழு மனித நெஞ்சின் படமொன்றை எடுக்க ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் பிடித்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பீற்றர் மான்ஸ்பீல்ட் அந்தச் சின்னப் புலங்களை மிக வேகமாக மாற்றிமாற்றிப் போட்டு நேரத்தைச் சுருக்க வழி கண்டார். அப்படி மாற்றும்போது உடம்பில் மின்னோட்டம் தூண்டப்பட்டு இதயம் நிற்கலாம் எண்டு எச்சரிக்கை வந்தது. 1978இல் முழு உடம்புக்கான மெசின் தயாரானதும் மான்ஸ்பீல்ட் தானே அதற்குள் போனார். ஒன்றும் நடக்கவில்லை. 2003இல் நோபல் பரிசு லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் கிடைத்தது. விடுபட்ட டமேடியன் அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தார். அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் எண்டுதான் நாங்களும் நினைக்கிறோம், ஆனால் படம் பிறந்தது லோட்டர்பரின் கொப்பியில்தான்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். சின்னப் புலத்தை உண்டாக்குகிற செப்புச் சுருள்கள் குழாயின் உட்சுவருக்குள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. எங்கட வீடுகளுக்கு வருகிற இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர்தான் எண்டு நினைத்துப் பாருங்கோ. அதுவும் மில்லிசெக்கன்களில் போட்டு நிறுத்தித் திருப்பிப் போடுகிற மின்னோட்டம். காந்தப்புலத்துக்குள் மின்னோட்டம் போகிற கம்பியை ஒரு விசை தள்ளும் எண்டு ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்திலேயே படித்திருப்போம். பெரிய காந்தத்தின் புலத்துக்குள் நிற்கிற இந்தச் சுருளையும் அந்த விசை ஒவ்வொரு தடவையும் தள்ளுகிறது, இழுக்கிறது. பிசினுக்குள் இறுக்கிவைத்தாலும் அது அதிரும். ஒலிபெருக்கி வேலை செய்வதும் இப்படித்தான், ஆக, எம்.ஆர்.ஐ. எடுப்பவர் ஒரு பெரிய ஒலிபெருக்கிக்குள் படுத்திருக்கிறார். சத்தம் 100 டெசிபலைத் தாண்டலாம் என்பதால் காதடைப்பான் தருவார்கள், அதைக் கட்டாயம் போட வேண்டும். தாளம் மாறுவது அடுத்த வகைப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம்.

தட்டல் நிற்கும்போது நின்றுபோவது இந்தச் சின்னப் புலங்கள் மட்டுமே. பெரிய காந்தம் நிற்பதில்லை. அது நையோபியமும் டைட்டேனியமும் கலந்த கம்பியால் சுற்றிய சுருள். திரவ ஈலியத்துக்குள், மறை 269 பாகை செல்சியசில் கிடக்கிறது. அந்தக் குளிரில் அந்தக் கம்பிக்குத் தடையே இல்லை. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளியிலிருந்து மின்சாரம் தராமலேயே வருடக்கணக்காக ஓடும். லைட்டை நிறுத்து, கணினியை நிறுத்து, முழு ஊருக்கும் கரண்ட் போகட்டும், காந்தம் அப்படியே இருக்கும். அதுவும், நாங்கள் நிற்கிற நிலத்தில் பூமிக்கு உள்ள காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையாக.

2001 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தின் ஒரு ஆஸ்பத்திரியில், மூளைச் சத்திரசிகிச்சை முடிந்த ஆறு வயதுப் பொடியன் ஒருவனை மயக்கமருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ.க்குள் வைத்திருந்தார்கள். சுவர்க்குழாயால் வந்த ஒட்சிசன் தடைப்பட்டது. அவசரத்தில் உருக்கால் செய்த ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று அறைக்குள் வந்தது. காந்தம் அதைப் பிடுங்கி இழுத்தது. அது போய் அடித்தது பிள்ளையின் தலையில். இரண்டு நாளில் பிள்ளை இறந்துபோனது. கொண்டுவந்தவர்களுக்கு இருந்தது உதவி செய்கிற எண்ணம்தான். ஆனால் அந்தக் காந்தம் எச்சரிக்கை தராது. இன்றைய காந்தங்களின் புலத்தை வெளியே பரவாமல் குறுக்கி வைத்திருப்பதால், வாசலடியில் நிற்கும்போது கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். குழாயின் வாய்க்குக் கிட்டப் போகப் போக இழுவை படிப்படியாகக் கூடாது, ஒரு அடியில் பாய்ந்து கூடும். "கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்பம்" எண்டு பரீட்சித்துப் பார்க்க இடமில்லை.

அறையில் ஒரு அவசரப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கம்பி சூடேறி, திரவ ஈலியம் கொதித்து, ஏறக்குறைய 700 மடங்கு பருமனுள்ள வாயுவாகிக் குழாய்வழி கூரைக்கு மேலே போகும். காந்தம் அடங்க ஒரு நிமிடமளவு ஆகலாம். பறக்கிற சிலிண்டருக்கு ஒரு செக்கன் போதும். ஆகவே அந்தப் பொத்தான், ஆராவது இரும்புக்கும் மெசினுக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தால் மீட்பதற்குத்தான். வாயு போகிற குழாய் அடைபட்டிருந்தால் அறைக்குள் ஒட்சிசனே இல்லாமற் போகிற ஆபத்தும் இருக்கிறது.

2002இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி, எம்.ஆர்.ஐ. பகுதியை நான்கு வலயங்களாகப் பிரித்து, கேள்வி கேட்டுச் சோதிக்காமல் ஒருவரையும் உள்வலயங்களுக்கு விடக்கூடாது எண்டு வழிகாட்டல் வெளியிட்டது. இருந்தும் 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு போன உறவினர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு உள்ளே போய் இறந்தார். மெசின் நிறுத்தியிருக்கு எண்டு ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தவர்கள் சொன்னார்கள்.

நகை விஷயத்தில் எங்கட வீடுகளில் ஒரு வாக்குவாதம் நடக்கும். தாலிக்கொடி தங்கம்தானே, காந்தம் இழுக்காதே எண்டு அம்மாமார் கேட்பினம். இழுக்காது, உண்மைதான். ஆனால் வானொலித் துடிப்பு அதைச் சூடாக்கலாம், கிட்ட உள்ள படத்தையும் கெடுக்கும். கொடியில் கொழுவியிருக்கிற பின் இரும்பென்றால் அதையும் இழுக்கும்.

நகையைக் கழற்றலாம். வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர் உடம்புக்குள் கழற்ற ஏலாத ஒன்றோடு வாழுகிறார்கள்: ஷெல் துண்டு. ஷெல்லின் கோது உருக்கு, காந்தம் இழுக்கும். துவக்குச் சன்னத்தின் ஈயமும் செம்பும் இழுபடாது, ஆனால் சில சன்னங்களுக்குள் உருக்கும் இருக்கும். 1986இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், தகர வேலை செய்த ஒருவரின் கண்ணுக்குள் அவருக்கே தெரியாமல் கிடந்த சின்னத் துகள் எம்.ஆர்.ஐ.யில் அசைந்து அந்தக் கண்ணின் பார்வையே போனது. கால் தசையில் பல வருடமாகத் தழும்போடு இறுகிக் கிடக்கிற துண்டு அவ்வளவு ஆபத்தில்லை. பல வேளைகளில் டொக்டர் பார்த்து அனுமதிப்பார். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குக் கிட்ட இருந்தால் கதை வேறு. எக்ஸ்றே எடுத்தால் துண்டு எங்கே இருக்கிறது எண்டு தெரியும், என்ன உலோகம் எண்டு தெரியாது. அதனால்தான் எப்ப பட்ட காயம், எதனால் பட்டது எண்டு கேட்கிறார்கள்.

உடம்பில காயம் இருக்கெண்டு சொல்லவே பயந்த காலமொண்டு எங்கட ஆக்களுக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தில், ஸ்கான் எடுக்கமுதல் தருகிற படிவத்தில் உலோகத் துண்டு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' எண்டு போட்டுவிடுகிறவர்கள் இருப்பார்கள். அம்மப்பாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு போகிறது பெரும்பாலும் நாங்கள்தான், படிவத்தை நிரப்புகிறதும் நாங்கள்தான். வீட்டிலேயே கேட்டு வைக்கலாம். பழைய எக்ஸ்றே இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோகலாம். எம்.ஆர்.ஐ. ஏலாது எண்டு வந்தால் சி.ரி. ஸ்கான் மாதிரி வேறு வழி இருக்கிறதா எண்டு டொக்டர் பார்ப்பார்.